ரீட்மீயின் முதல் முப்பது வரிகள்: புதிதாக வருபவருக்காகத் திருத்தி எழுதுவது எப்படி

என்னுடைய சிறிய திட்டம் ஒன்றுக்கு ஒரு கல்லூரி மாணவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தார். ஏறத்தாழ அறுநூறு வரி. கருத்தாக எழுதிய கோடு, சோதனைகளும் சேர்த்தே இருந்தன. அதை நான் ஏற்க முடியவில்லை. அவர் தீர்க்க முயன்றது, அந்தத் திட்டத்தின் இயல்பிலேயே தீர்க்க முடியாத ஒன்று. அது எனக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். ஆனால் ரீட்மீயில் எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வாரம் உழைத்த ஒருவரிடம் "இது ஆகாது தம்பி" என்று சொல்ல வேண்டி வந்தது.

அதற்குப் பிறகுதான் ரீட்மீயின் தொடக்கத்தை முழுக்கத் திருத்தி எழுதினேன். அந்தத் திருத்தத்தை அப்படியே உதாரணமாக வைத்து, உங்கள் திட்டத்தின் ரீட்மீயை எப்படி மாற்றலாம் என்று இங்கே சொல்கிறேன். முழு ரீட்மீயையும் தொடப்போவதில்லை. முதல் முப்பது, முப்பத்தைந்து வரிகள் மட்டும். புதிதாக வருபவர் இருப்பதா போவதா என்று முடிவெடுப்பது அங்கேதான்.

திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் `maatri`. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யூனிகோடு தமிழாக மாற்றும் பைதான் கருவி. யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினி மிகப் பரவலாக இருந்தது. மலர்கள், கோயில் அறிக்கைகள், சங்கக் கணக்குகள் எல்லாம் இன்னும் அந்த வடிவத்திலேயே பல கணினிகளில் கிடக்கின்றன. கருவியைப் பயன்படுத்துபவர்களும் அதில் கைவைக்க வருபவர்களும் தமிழர்கள்தான் என்பதால், ரீட்மீயும் தமிழிலேயே இருக்கிறது.

## முதலில் பழையதைப் படியுங்கள்

திருத்தும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரெப்போவை நீங்கள் லாகின் செய்யாத உலாவியில் திறந்து, கைபேசியிலும் ஒருமுறை பாருங்கள். கிட்ஹபில் கோப்புகளின் பட்டியல் மேலே வந்துவிடும், ரீட்மீ அதற்குக் கீழேதான் தொடங்கும். நீங்கள் எடிட்டரில் பார்க்கும்போது மேலே இருக்கும் வரி, அங்கே பாதித் திரைக்குக் கீழே கிடக்கும்.

என் பழைய தொடக்கம் இப்படி இருந்தது:

```
# maatri

[பேட்ஜ்] [பேட்ஜ்] [பேட்ஜ்] [பேட்ஜ்]

தமிழுக்கான நவீன, வேகமான, எளிதில் விரிவாக்கக்கூடிய
குறியேற்ற மாற்றுச் சட்டகம்.

## வரலாறு
(பதினைந்து வரிகள்)

## நிறுவல்
பைதான் 3 தேவை.
    pip install -e .

பங்களிப்புகள் வரவேற்கப்படுகின்றன!
```

இதை ஒரு நண்பரிடம் காட்டி, ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி, பிறகு திரையை மூடிவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். இதற்குள் எதைக் கொடுத்தால் வெளியே என்ன வரும்? இதை ஓட்டிப் பார்க்க முதலில் என்ன தட்டச்சு செய்வீர்கள்? இது செய்யாத ஒரு காரியம் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "ஏதோ தமிழ் எழுத்துரு தயாரிக்கிற சமாச்சாரம் போல." இரண்டாவதற்கு `pip install` என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நிறுவிய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

நீங்களும் இதைச் செய்யுங்கள். கோடு எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும், ஆனால் உங்கள் திட்டத்தை அறியாதவராக இருக்க வேண்டும். அவர் சொன்ன பதிலை அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தடுக்கியது என்பதை அந்த வார்த்தைகள்தான் காட்டும். என் விஷயத்தில் தடுக்கியது "சட்டகம்", "குறியேற்றம்" என்ற இரண்டு சொற்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் எந்தக் கோப்பு உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்பதை இரண்டும் சொல்லவில்லை.

## நோக்கம்: ஒரு வாக்கியம், ஒரு ஜோடி

நோக்கத்தைச் சொல்லும் வாக்கியத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: உள்ளே போவது, வெளியே வருவது, இது என்ன மாதிரிப் பொருள் (நூலகமா, இணையத்தளமா, டெர்மினலில் ஓடும் கருவியா). "நவீன", "வேகமான", "எளிதான" போன்ற அடைமொழிகளை அடித்துவிடுங்கள். எதனோடு ஒப்பிட்டு வேகம் என்று சொல்லாதவரை படிப்பவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

அந்த வாக்கியத்துக்கு அடுத்து ஒரு ஜோடி காட்டுங்கள். உண்மையான உள்ளீடு ஒன்று, அதற்கு உண்மையாகவே வரும் வெளியீடு ஒன்று.

```
# maatri

பாமினி எழுத்துருவில் தட்டச்சான உரைக் கோப்பை (.txt)
யூனிகோடு தமிழாக மாற்றும், டெர்மினலில் ஓடும் கருவி.

    உள்ளே:   nfhOk;G
    வெளியே:  கொழும்பு

பழைய கோப்புகளைத் தேடவும் திருத்தவும் கூடியதாக
ஆக்க விரும்புகிறவர்களுக்கு.
```

ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். முதலில் நான் `jkpo;` என்பது `தமிழ்` ஆவதை எழுதியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலே வேலை முடிந்துவிடும். இந்தக் கருவிக்கு என்ன அவசியம் என்று அதைப் பார்ப்பவருக்குத் தோன்றாது. `nfhOk;G` அப்படியில்லை. பாமினியில் `n` என்றால் ஒற்றைக்கொம்பு, `f` என்றால் க, `h` என்றால் துணைக்கால். கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று விசை. யூனிகோடிலோ முதலில் க வரும், பிறகு கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒன்றாக வரும். ஆக, எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். இந்தத் திட்டத்தின் கோடில் பாதிக்கு மேல் அந்த வரிசை மாற்றம்தான். கோடைத் தொடப்போகிறவர் இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே, கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொள்வார்.

உங்கள் திட்டத்துக்கும் இப்படி ஒரு உதாரணம் இருக்கும். மிக எளிய உதாரணத்தை விட்டுவிட்டு, உங்கள் கோடு உண்மையில் எதற்காக இருக்கிறதோ அந்தச் சிக்கல் தெரியும் மிகச் சிறிய உதாரணத்தை எடுங்கள்.

கிட்ஹபில் ரெப்போ பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கும் அல்லவா, அதிலும் இதே வாக்கியத்தைப் போட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எதை நம்புவது என்ற குழப்பம் வரும்.

## எல்லைகள்: நிறுவலுக்கு முன்னால், மூன்று வகையாக

பெரும்பாலான ரீட்மீக்களில் எல்லைகள் கடைசியில், "தெரிந்த சிக்கல்கள்" என்ற தலைப்பில் கிடக்கும். நான் அதை நோக்கத்துக்கு அடுத்தபடியாக, நிறுவலுக்கு முன்பாகவே வைக்கிறேன். தன் கோப்பு `.docx` என்றால் இந்தக் கருவி உதவாது என்பது ஒருவருக்கு நிறுவுவதற்கு முன்பே தெரிய வேண்டும், நிறுவி முடித்த பிறகு அல்ல.

அதைவிட முக்கியம் எல்லைகளைப் பிரித்துச் சொல்வது. "இது செய்யாது" என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால், பயன்படுத்துபவருக்கு ஒருவேளை அது போதும். பங்களிக்க வருபவருக்குப் போதாது. அவர் அந்தப் பட்டியலைத் தனக்கு இருக்கும் வேலைகளின் பட்டியலாகத்தான் படிப்பார். அதனால் ஏன் செய்யாது என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரியுங்கள்: முடியாது, செய்யப்போவதில்லை, இன்னும் இல்லை.

முதல் வகைக்கு அந்த மாணவரின் வேலையையே உதாரணமாகச் சொல்கிறேன். பாமினி எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகை எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. கோப்பில் `email` என்ற ஆங்கிலச் சொல் இருந்தால், கருவி அதையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு "நஅயடை" என்று மாற்றிவிடும். மாணவர் இதைக் கவனித்து, ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலைச் சேர்த்து, பட்டியலில் உள்ள சொல் வந்தால் மாற்றாமல் விடும்படி எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். `email` சரியாகிவிட்டது. மீனவர் சங்கம் ஒன்றின் பழைய அறிக்கையில் ஓட்டிப் பார்த்தபோது, வரிக்கு வரி `fly;` என்று மாறாமல் நின்றது. பாமினியில் `f` க, `l` ட, `y` ல, அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. அதாவது `fly;` என்றால் கடல். அரைப்புள்ளியை நீக்கிப் பார்த்தால் அது ஆங்கிலச் சொல்லும்கூட. வெறும் உரைக் கோப்பில் எழுத்துருவின் பெயர் இருக்காது, எழுத்துகள் மட்டுமே இருக்கும். இது கடலா, பறப்பதா என்று அந்த நான்கு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கோடும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொற்பட்டியலைப் பெரிதாக்கினால் இன்னும் அதிகமான தமிழ்ச் சொற்கள் மாறாமல் நிற்கும், சிறிதாக்கினால் ஆங்கிலச் சொற்கள் கெடும். இது முடியாத வகை.

இரண்டாவது வகை, முடியும், ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்தது. யூனிகோடிலிருந்து பாமினிக்குத் திரும்ப மாற்றித் தரும்படி சிலர் கேட்டார்கள். செய்வது கடினமில்லை. ஆனால் பழைய கோப்புகளைப் பாமினியிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காகத்தான் இந்தக் கருவி. புதிய பாமினிக் கோப்புகள் உருவாக இதைக்கொண்டு உதவ எனக்கு விருப்பமில்லை. இப்படி ஒரு முடிவை எடுத்திருந்தால் காரணத்தையும் அரை வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் இல்லாமல் "இல்லை" என்று மட்டும் சொன்னால், அதே கோரிக்கை மறுபடி மறுபடி இஷ்யூவாக வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது வகை, யாராவது செய்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளப்போவது. `.docx` கோப்பு இதில் சேரும். வேர்ட் கோப்பில் ஒவ்வொரு துண்டு உரைக்கும் எந்த எழுத்துரு என்பது உள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். பாமினி என்று குறித்த துண்டை மாற்றி, மற்றதை விட்டுவிடலாம். உரைக் கோப்பில் முடியாத அதே காரியம் வேர்ட் கோப்பில் முடியும். மாணவரின் உழைப்பு இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ரீட்மீயில் இது இப்படி வந்தது:

```
## எதைச் செய்யாது

- முடியாது: பாமினியும் ஆங்கிலமும் கலந்த .txt கோப்பில்
  எது ஆங்கிலம் என்று கண்டுபிடிப்பது. email என்பது
  "நஅயடை" ஆகிவிடும். fly; என்பது பாமினியில் "கடல்";
  எழுத்தை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை.
- செய்யப்போவதில்லை: யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றுவது.
  பழைய கோப்புகளை மீட்பது மட்டுமே நோக்கம்.
- இன்னும் இல்லை: .docx கோப்புகள். அதில் எழுத்துருப் பெயர்
  இருப்பதால் ஆங்கிலத்தைப் பிரிக்க முடியும். உதவி தேவை.
```

கவனியுங்கள், ஒவ்வொரு எல்லையிலும் கைக்கு அகப்படும் ஒரு பொருள் இருக்கிறது. "கலப்பு உரையில் துல்லியம் குறையலாம்" என்று எழுதியிருந்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். "நஅயடை" என்பதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்; தன் கோப்பில் அது வந்தாலும் உடனே அடையாளம் கண்டுகொள்வார், பிழை என்று இஷ்யூ போட மாட்டார்.

எல்லைகளை எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், மூடிய இஷ்யூக்களையும் நிராகரித்த புல் ரிக்வெஸ்ட்களையும் திறந்து பாருங்கள். ஒரே விளக்கத்தை எங்கேயாவது இரண்டு முறை எழுதியிருந்தால், அது ரீட்மீயின் தொடக்கத்தில் இருக்க வேண்டியது. மூன்று, நான்கு எல்லைகள் போதும். மீதியைத் தனிக் கோப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

## அமைத்தல்: வெறும் கணினியில் ஓட்டிப் பார்த்து எழுதுவது

அமைக்கும் பகுதியை நினைவிலிருந்து எழுதக் கூடாது. உங்கள் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் விட்டுப்போன படி எதுவும் உங்கள் கண்ணில் படாது. முதலில் ரெப்போவை வேறொரு இடத்தில் புதிதாகக் குளோன் செய்து, அதன் பிறகு எதுவும் நிறுவாத சூழலில் திறக்க வேண்டும். டாக்கர் இருந்தால் இரண்டு வரி வேலை:

```
git clone . /tmp/puthusu
docker run --rm -it -v /tmp/puthusu:/m -w /m python:3.9-slim bash
```

நடப்புக் கோப்புறையை அப்படியே கொடுக்காமல் ஏன் குளோன் செய்கிறோம் என்றால், குளோனில் நீங்கள் கமிட் செய்தது மட்டும்தான் வரும். எனக்கு முதல் அடி விழுந்தது அங்கேதான். ரீட்மீயில் சொல்லியிருந்த மாதிரிக் கோப்பு `/tmp/puthusu`-வில் இல்லவே இல்லை. என் கணினியில் இருந்தது. எந்தக் காலத்திலோ `.gitignore`-இல் எல்லா `.txt` கோப்பையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இப்படி ஒரு கோப்பு காணாமல் போனால் காரணத்தை இந்தக் கட்டளை சொல்லிவிடும்:

```
$ git check-ignore -v maathiri/oor.txt
.gitignore:4:*.txt	maathiri/oor.txt
```

நான்காவது வரிதான் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டது. சரி, அதைத் திருத்தி, கோப்பைக் கமிட் செய்து, மறுபடி குளோன் செய்தேன்.

அடுத்தது பைதான் பதிப்பு. "பைதான் 3 தேவை" என்று எழுதியிருந்தேன். மேலே டாக்கர் கொள்கலனை வேண்டுமென்றே 3.9-இல் திறந்தேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. ஓட்டியதும் `SyntaxError` வந்தது. கோடில் ஓரிடத்தில் `match` வாக்கியம் பயன்படுத்தியிருக்கிறேன். அது பைதான் 3.10-இல்தான் வந்தது. புதிதாக வருபவருக்கு இது கோடில் உள்ள பிழையாகத்தான் தெரியும். இதற்கு ரீட்மீயில் "3.10 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுவதோடு, `pyproject.toml`-இலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்:

```
requires-python = ">=3.10"
```

இதைச் சேர்த்தபின் பழைய பைதானில் நிறுவலே நின்றுவிடும், எந்தப் பதிப்பு வேண்டும் என்றும் பிப் சொல்லிவிடும். ரீட்மீயைப் படிக்காதவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

மூன்றாவது, `pip install` வரி. கொள்கலனில் அது ஓடும். ஆனால் டெபியன் 12-இலும் புதிய உபுண்டுகளிலும் நேரடியாக அடித்தால் `externally-managed-environment` என்று பிழை வரும். கணினியின் சொந்தப் பைதானில் கைவைக்காதே என்ற எச்சரிக்கை அது. ஆகவே மெய்நிகர்ச் சூழலை ரீட்மீயிலேயே உருவாக்கச் சொல்ல வேண்டும். அதே டெபியனில் `python3-venv` பொதி இல்லாவிட்டால் அந்தப் படியும் நின்றுவிடும் என்பதால் அதற்கும் ஒரு வரி தேவை.

மெய்நிகர்ச் சூழலை உருவாக்கியபின் அதை `activate` செய்யச் சொல்வதுதான் வழக்கம். நான் தொடக்கத்தில் அந்தப் படியை விட்டுவிட்டு, `.venv/bin/` என்ற பாதையையும் சேர்த்தே எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து வேறு டெர்மினல் சாளரம் திறப்பவருக்கு, இயக்கி வைத்த சூழல் அங்கே இருக்காது. `maatri: command not found` என்று வரும். பாதையோடு எழுதினால், திட்டத்தின் கோப்புறைக்குள் இருக்கும்வரை எந்தச் சாளரத்திலும் ஓடும். பழகியவர்கள் தங்களுக்குப் பிடித்தபடி செய்துகொள்வார்கள்.

## ஓடியது என்று எப்படித் தெரியும்?

நிறுவல் வரியோடு நிறுத்தினால் வேலை பாதிதான். அடுத்த வரியில் ஒரு கட்டளையும், அது சரியாக ஓடினால் என்ன தெரியும் என்பதும் இருக்க வேண்டும். இதில் என் முதல் முயற்சி இதுதான்:

```
echo jkpo; | maatri
```

இதை அப்படியே ஒட்டியவருக்கு வந்தது:

```
bash: syntax error near unexpected token `|'
```

பாமினியின் மெய்ப்புள்ளி அரைப்புள்ளி. பாஷுக்கோ அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். ஒற்றை மேற்கோள் போட்டால் லினக்ஸில் சரியாகும். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த மேற்கோள் குறியே உரையோடு சேர்ந்து உள்ளே போகும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு குறிப்பு எழுதுவதைவிட, உள்ளீட்டை ரெப்போவில் ஒரு மாதிரிக் கோப்பாகவே வைத்துவிடுவது மேல்.

வெளியீட்டிலும் இரண்டு பள்ளம் இருந்தது. பல டெர்மினல்கள் தமிழ்க் கொம்பையும் காலையும் சரியாக இணைத்துக் காட்டுவதில்லை. கருவி சரியாகத்தான் மாற்றியிருக்கும், திரையில் கொம்பு பிரிந்து நிற்கும். வருபவர் வரிசை மாற்றத்தில் பிழை என்று நினைத்துத் தேட ஆரம்பிப்பார். சரி, திரை வேண்டாம், `>` போட்டுக் கோப்பில் எழுதலாம் என்றால், விண்டோஸில் பைதான் அந்தக் கணினியின் பழைய குறிமுறையில் எழுதப்போய் `UnicodeEncodeError` கொடுக்கும். அதனால் கருவிக்கு `-o` என்று ஒரு தேர்வு சேர்த்து, கோப்பை எப்போதும் யூடிஎஃப்-8-ஆகத் தானே எழுதும்படி செய்தேன். ரீட்மீயைத் திருத்தப்போய் கோடையும் திருத்த வேண்டி வந்தது. இது அடிக்கடி நடக்கும். ஒரு படியை விளக்கவே ஒரு பத்தி தேவைப்படுகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் படியைத்தான் மாற்ற வேண்டும்.

முடிவில் வந்தது:

````
## ஓட்டிப் பார்க்க

தேவை: பைதான் 3.10 அல்லது மேல், கிட். வேறெதுவும் வேண்டாம்.
(டெபியன், உபுண்டு: முதலில் sudo apt install python3-venv)

```
git clone <ரெப்போ முகவரி> maatri
cd maatri
python3 -m venv .venv
.venv/bin/pip install -e .
.venv/bin/maatri maathiri/oor.txt -o veli.txt
```

veli.txt கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள்.
முதல் வரி "கொழும்பு" என்று இருந்தால் எல்லாம் சரி.
(டெர்மினலில் திறக்க வேண்டாம்; கொம்பு இடம் மாறித் தெரியலாம்.)

விண்டோஸில் python3 என்பதற்கு py,
.venv/bin/ என்பதற்கு .venv\Scripts\ என்று எழுதவும்.
````

மேலே நோக்கத்தில் காட்டிய அதே சொல்தான் இங்கேயும் வருகிறது. படிப்பவர் ஏற்கெனவே பார்த்த சொல் தன் கணினியில் வெளிவருவதைப் பார்க்கிறார், அதனால் சரியா தவறா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அதே ஜோடியைச் சோதனைக் கோப்பிலும் ஒரு சோதனையாகப் போட்டு வைத்திருக்கிறேன். எப்போதாவது கோடு மாறி அந்த வெளியீடு கெட்டால், ரீட்மீ பொய்யாகிவிட்டது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

## கோடைத் தொட வருபவருக்கு மூன்று வரி

ஓட்டிப் பார்த்தாயிற்று, அடுத்து எந்தக் கோப்பைத் திறப்பது? இதற்கு முழு வரைபடம் எல்லாம் வேண்டாம்.

```
## எது எங்கே

- maatri/attavanai.py  எந்த விசை எந்த எழுத்து
- maatri/varisai.py    கொம்பு, கால் வரிசை மாற்றம்
- tests/               .venv/bin/python -m unittest என்று ஓட்டவும்
```

ஓர் எழுத்து தவறாக வந்தால் முதல் கோப்பு, எழுத்து சரி, இடம் தவறு என்றால் இரண்டாவது. புல் ரிக்வெஸ்ட் எப்படி அனுப்புவது, கோடு நடை என்ன என்பதெல்லாம் `CONTRIBUTING.md`-க்குப் போகட்டும். அந்தப் பெயரில் கோப்பு இருந்தால், இஷ்யூவோ புல் ரிக்வெஸ்டோ திறப்பவருக்கு கிட்ஹபே அதன் இணைப்பைக் காட்டும்.

பழைய தொடக்கத்தில் இருந்தவை என்ன ஆயின என்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேட்ஜில் சோதனை நிலையைக் காட்டும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வரலாறு ரீட்மீயின் அடிக்குப் போனது; அதில் எனக்குப் பிரியமான வரிகள் இருந்தன, அழிக்க மனம் வரவில்லை. "பங்களிப்புகள் வரவேற்கப்படுகின்றன" என்ற வரியை எடுத்துவிட்டேன். "இன்னும் இல்லை" என்ற வரியில் உள்ள "உதவி தேவை" அந்த வேலையை இன்னும் தெளிவாகச் செய்கிறது.

## மறுபடி அதே மூன்று கேள்வி

எழுதி முடித்ததும் வேறொருவரிடம் கொடுங்கள். முதலில் படித்தவர் வேண்டாம், அவருக்கு இப்போது திட்டம் தெரியும். ஒரு நிமிடம் கொடுத்து, மூடி, அதே மூன்று கேள்வி. இந்த முறை அருகில் உட்கார்ந்து, கட்டளைகளை அவர் ஓட்டுவதையும் பாருங்கள். வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும், அதுதான் கஷ்டம். நீங்கள் விளக்கம் சொன்ன இடமெல்லாம் ரீட்மீயில் எழுத விட்டுப்போன இடம்.

என்னோடு உட்கார்ந்தவர் முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னார். மூன்றாவதற்கு, "ஆங்கிலம் கலந்திருந்தால் கெட்டுவிடும், `fly;` என்றால் கடல் இல்லையா" என்றார். விண்டோஸ் கணினியில் ஓட்டும்போது ஓரிடத்தில் தயங்கினார்: பாதையை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு கட்டளைகளுக்குக் கீழே இருந்தது, அவர் அதற்குள் இரண்டு கட்டளை அடித்துவிட்டார். குறிப்பைக் கட்டளைகளுக்கு மேலே நகர்த்தினேன். நீங்களும் அங்கேயே வையுங்கள்.

திட்டத்தைப் பைபிஐ-யிலும் வெளியிடுகிறீர்கள் என்றால் இன்னொன்றைப் பாருங்கள். அங்கேயும் இதே ரீட்மீதான் காட்டப்படும், ஆனால் `CONTRIBUTING.md` என்று பெயரை மட்டும் கொடுத்த இணைப்புகள் அங்கே வேலை செய்யாது. தொடக்கத்தில் உள்ள இணைப்புகளுக்காவது முழு முகவரி கொடுங்கள்.

ரீட்மீ மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுவது நல்லது. `.gitignore` திருத்தம், `-o` தேர்வு எல்லாம் வேறு கமிட்டுகள். அப்புறம், எல்லைகள் பகுதிக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "இன்னும் இல்லை" என்பதில் உள்ள ஒன்றை யாராவது செய்து அனுப்பினால், அந்த வரியை நீக்குவதும் அதே புல் ரிக்வெஸ்டிலேயே இருக்க வேண்டும். `.docx` வேலை இப்போது ஒருவர் கையில் இருக்கிறது. அந்த வரியை அவரே நீக்குவார்.